நாத்தனார் பாட்டுக்கு நான் போட்ட அட்டவணை

என் நாத்தனார் சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாட்டு எழுதுவாள், மெட்டும் தானே போட்டுப் பாடுவாள். நாலு பாட்டு பதிவாகிக் கையில் சேர்ந்ததும் என்னிடம் வந்தாள். "மதினி, இத நாலு பேரு கேக்குற மாதிரி நீங்கதான் செய்யணும்" என்றாள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு டிசைன் வேலை. கம்பெனியின் இணைய விளம்பரங்களையும் நான்தான் பார்க்கிறேன். அந்தத் தகுதி போதும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

அவள் ஒதுக்கியிருந்தது எட்டாயிரம் ரூபாய். அதை மொத்தமாகத் தீபாவளியன்று விளம்பரத்தில் போட்டுவிட வேண்டுமாம்.

"அன்னைக்குப் பெரிய படப் பாட்டெல்லாம் வரும். ஜவுளிக்கடை, நகைக்கடை எல்லாரும் விளம்பரத்தக் கொட்டுவாங்க. நம்ம காசுக்கு யாரு திரும்பிப் பாப்பா?" என்றேன்.

"நாடே தீவாளிக்கு நம்ம ஊரத்தான் பாக்குது. நீங்க மட்டும் வேண்டாங்கிறீக."

கடைசியில் நான் சொன்னபடி அட்டவணை போட்டோம். முதல் பாட்டு, தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்று. பாட்டையும் அட்டைப்படத்தையும் நாலு வாரம் முன்னாலேயே விநியோகக் கம்பெனிக்கு ஏற்ற வேண்டும். அவர்கள்தான் பாட்டுக் கேட்கும் செயலிகள் எல்லாவற்றுக்கும் அனுப்புவார்கள். வெளிவருவதற்கு முன்னால் விண்ணப்பித்தால்தான் செயலிக்காரர்கள் தங்கள் பாடல் பட்டியலில் சேர்க்க யோசிப்பார்கள். அதுவரை பதினைந்து விநாடித் துண்டு மட்டுமே வெளியே போகலாம். கணக்கு டீச்சருக்கு அட்டவணை மிகவும் பிடித்துப்போய், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாலு வண்ணம் தீட்டினாள். அதன்படி நடப்பது வேறு விஷயம்.

பாட்டு வரப் பத்து நாள் இருக்கும்போது, தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் ஒன்று நான் நின்ற பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றது. உள்ளே எங்கள் பாட்டு ஓடியது. துண்டு இல்லை, முழுப் பாட்டு. டிரைவரிடம் கேட்டேன். "எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புல வந்துச்சுக்கா. நல்லாருக்குல்ல?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், குரூப்புகளே கதியென்று இருக்கும் மாமியாரிடம் போனேன்.

"அத்தை, பாட்ட யாருக்கு அனுப்புனீக?"

"நம்ம சொந்தக்காரக குரூப்புக்கு மட்டுந்தான். அப்புறம் இருக்கன்குடி கோயிலுக்குச் சேந்து போறோம்ல, அந்தக் குரூப்பு. உங்க மாமா கூட வேல பாத்தவுக குரூப்பு. ஏன், அனுப்பக் கூடாதா?"

நாத்தனார் சுவரைப் பார்த்தாள். "அம்மா கேட்டுச்சு. எப்படி மதினி இல்லங்கிறது?"

கைமாறிப் போகிற கோப்பை எத்தனை பேர் கேட்டாலும் செயலியின் கணக்கில் ஏறாது. பாடியது யார் என்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்தது. செயலியில் பாட்டு ஓடியது ஐம்பது தடவையைத் தாண்டவில்லை. அதில் பாதி எங்கள் வீட்டுப் போன்களில். பட்டியல் விண்ணப்பத்துக்கும் பதில் இல்லை. ஊரெல்லாம் பாடுகிற பாட்டுக்கு இவ்வளவுதானா என்று நாத்தனார் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் பங்குச் சோற்றை நான்தான் மூடிவைத்தேன். தேதி போட்டவள் நான்தானே.

மறுவாரம் விளம்பரம். இரண்டு வீடியோத் துண்டுகளைச் சமமான சிறு தொகையில் மூன்று நாள் ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒன்று, வெம்பக்கோட்டை அணைக்கரையில் பட்டுச் சேலையில் நாத்தனார் நடப்பது. ஒரு ஞாயிறு முழுக்க எடுத்தது. இரண்டாவதற்கு வேறெதுவும் இல்லாததால், பாட்டைக் கேட்டபடி மாமியார் சின்ன வெங்காயம் உரிப்பதை, அவரிடம் அனுமதி வாங்கி, போனிலேயே எடுத்தேன். கூடவே முணுமுணுத்தவர் சட்டென்று நிறுத்தி, "ரெண்டாவது வரியில மூச்சு வாங்குறா. அங்கன கொஞ்சம் நின்னு பாடச் சொல்லு" என்றார். அதையும் வெட்டாமல் விட்டேன்.

அணைக்கரையைப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வெங்காயத்தைப் பார்த்தவர்கள் நின்றார்கள், இணைப்பைத் தட்டினார்கள், பாட்டைச் சேமித்தும் வைத்தார்கள். மூன்றாம் நாள் அணைக்கரை விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மிச்சக் காசை வெங்காயத்தின் பக்கம் திருப்பினேன்.

"அந்தச் சேலைய அயர்ன் பண்ணவே எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு மதினி" என்றாள் அவள்.

மாமியாரும் தன் குரூப்புகளுக்குச் செயலி இணைப்பை அனுப்பி, கீழே எழுதினார்: "எம் மக பாட்டு. இதுலதான் கேக்கணும். பழச அழிச்சிருங்க." அந்த அதட்டலுக்கு நல்ல பலன் இருந்தது. ஒரு மாதத்தில் முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கேட்டார்கள். இரண்டாவது பாட்டை எந்தப் பட்டியலும் எடுக்கவில்லை. மூன்றாவதை ஒரு செயலி சிறிய பட்டியல் ஒன்றில் சேர்த்தது. அன்று நாத்தனார் எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்தாள்.

மறுநாள் கொழும்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பாட்டு நன்றாக இருப்பதாகவும், வெங்காயம் உரிக்கும் அம்மா தனியாக ஏதும் பாடியிருந்தால் இணைப்பு அனுப்பும்படியும் கேட்டிருந்தார். நாத்தனார் இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை.