நாலாவது முறை

அந்த நாலு என்ற எண்ணை எழுதும்போது என் கை ஏன் நிற்கவில்லை?

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். டவுன் பள்ளியில் சேர்வதற்குப் பிள்ளைகள் எழுதும் பரீட்சைக்கான பதிவுப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு பிள்ளை மூன்று முறைதான் எழுதலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் பெயருக்கு எதிரே எத்தனையாவது முறை என்று எண் போட வேண்டும்.

ஒரே பெயரில் நாலைந்து பெண்பிள்ளைகள் இருப்பார்கள். குழப்பம் வேண்டாமென்று தோட்டத்துச் சம்பளப் பதிவில் தகப்பனுக்கு இருக்கும் செக்ரோல் நம்பரைத்தான் நாங்கள் பார்ப்போம். அந்த நம்பர் கடைசியாக எந்த வரியில் வருகிறது என்று தேடி, அங்கிருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டி எழுதுவேன். அக்காவும் தங்கையும் ஒரே தகப்பனின் நம்பரில் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா?

அப்படி ஒரு வீட்டில் அக்கா இரண்டு முறை எழுதி, விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். தங்கை முதல் முறை எழுதியபோது மூன்று என்று போட்டேன். மூன்று வரை அனுமதி என்பதால் யாரும் கேட்கவில்லை. அதில் தவறி, மறுபடி எழுத வந்தபோது நாலு என்று போட்டேன். அன்று தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் என் மகனுக்குக் காய்ச்சல். நினைப்பெல்லாம் அங்கேதான் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

நாலாம் முறை செல்லாது என்று கல்வி அலுவலகத்தில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த நாள் அவளுடைய அம்மா கூடையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"நாலு தடவ எழுதிட்டாளாம்ல, டீச்சரம்மா? மிச்ச ரெண்டையும் எப்ப எழுதினா, தூக்கத்துலயா?"

புத்தகத்தைப் பிள்ளைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். அக்காவுக்கு ஒன்று, இரண்டு. தங்கைக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் இது அவளுக்கு இரண்டாவது முறைதான்.

பெரியவாத்தியாரிடம் ஓடினேன்.

"நாம தபாலில் அனுப்பின லிஸ்ட்டுல நாலுன்னுதானே போயிருக்கு," என்றார். "திருத்தி எழுதுறேன். ஆனா இந்தத் தடவைக்குள்ள பதில் வராது."

வரவில்லை. அடுத்த பரீட்சைக்குள் அவளுக்கு வயது கடந்துவிடும். இப்போது அக்காவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிறாள். நான் இப்போதெல்லாம் தகப்பனின் நம்பரை விட்டு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பக்கம் போட்டு எண்ணுகிறேன். அவளுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கணக்குத் தப்பு என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. மேலிடத்தில்தான் தவறிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்தால் இன்னும் கும்பிடுகிறாள்.

அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் உண்மையைச் சொல்லட்டுமா? அல்லது பின்னேரங்களில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பேசாமல் இருக்கட்டுமா? இதை வாசிக்கிறவர்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.