எட்டு வேற்றுமையும் ஏழு டிரைவர்களும்

ஞானதிரவியம் தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவர். ஆசிரியர் தகுதித் தேர்வு மூன்று முறை எழுதினார். முதல் முறை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று, அடுத்த முறை ஒன்றில், மூன்றாம் முறை மறுபடி இரண்டில். நான்காவது தடவை விண்ணப்பத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்தார். நாற்பத்திரண்டு வயதில் அவர் கூடங்குளம் பக்கத்துக் குடியிருப்பில் ரஷ்யக் குடும்பங்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல வேலை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், அப்புறம் அம்மாக்களைச் சந்தைக்கு, எப்போதாவது யாரையாவது திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு. ராத்திரி வீட்டுச் சாப்பாடு. பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் டிராவல்ஸில் மற்ற வண்டிகளுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. அவை கார்த்திகையில் கிளம்பினால் தை பிறந்துதான் ஊர் திரும்பும்.

அந்த ஆண்டு ஆனி மாதம் அண்ணாச்சி ஒரு சேதி கொண்டுவந்தார்.

"ஏ மக்கா, குடியிருப்புக்காரவுங்க சொல்லிட்டாவ. இனிமே ரஷ்ய பாஷை பரீட்சையில தேறுனவந்தான் உள்ள வண்டி ஓட்டணுமாம். ஆடி கடைசியில பரீட்சை. தேறாதவன் கோயில் ட்ரிப்பு. நாகர்கோவில்காரன் வேற வண்டியோட வாசல்லயே நிக்கான்."

டிரைவர்கள் ஏழு பேர். எல்லோருக்கும் ரஷ்யன் ஓரளவு வாயில் இருந்தது. 'இங்கே', 'அங்கே', 'எவ்வளவு', 'மீன் நல்லா இல்லை' எல்லாம் சொல்வார்கள். சொல்லின் வால்தான், அதாவது கடைசியில் ஒட்டும் வேற்றுமை உருபுதான், இல்லை. ரஷ்யனில் வால் இல்லாத சொல் பிரேக் இல்லாத வண்டி. ஓடும், எங்கே நிற்கும் என்று தெரியாது.

"திரவியம் அண்ணே, நீரு படிச்ச ஆளுல்லா. சொல்லிக் குடும்" என்றான் சுடலை. ஏழு பேரில் வாய் அதிகம் உள்ளவன் அவன்.

திரவியம் வாழ்நாளில் முதல் முறையாக வகுப்பு எடுத்தார். வண்டிகள் நிற்கும் தகரக் கொட்டகையில், மதியம் ஒன்று முதல் இரண்டு வரை. பழைய காலண்டரைத் திருப்பி ஆணியில் மாட்டி, இடது பக்கம் தமிழ் வேற்றுமை எட்டு, வலது பக்கம் ரஷ்ய வேற்றுமை ஆறு என்று எழுதினார்.

"எட்டு எப்படிண்ணே ஆறாச்சு?" என்று மெர்சி கேட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள், ஏழு பேரில் ஒரே பெண். கணக்கு அவளுக்கு இடித்துக்கொண்டே இருக்கும்.

"கூப்பிடுததுக்குன்னு தனி உருபு அவங்ககிட்ட இல்ல. விளி போச்சா? ஏழு. நமக்கு 'ஊர்ல இருந்து' அஞ்சாவது, 'ஊரோட' ஆறாவது. அவங்க ரெண்டையும் ஒரே வால்ல கட்டிட்டாங்க. ஆறு."

"சரியாத்தான் இருக்கு" என்று மெர்சி எழுதிக்கொண்டாள்.

முதல் வாரம் சந்தோஷமாகப் போயிற்று. ரஷ்யர்களும் 'எனக்கு நாற்பது வயது' என்றுதான் சொல்கிறார்கள், 'நான் நாற்பது' என்பதில்லை. குளிரும் நம்மைப் போலவே அவர்களுக்கு 'எனக்கு'த்தான் குளிர்கிறது. கத்தியால் வெட்டுவதும் தம்பியோடு போவதும் நமக்கு மூன்றாம் வேற்றுமை. அவர்களுக்கும் அந்த இரண்டும் ஒரே வேற்றுமை, தம்பிக்கு முன்னால் மட்டும் ஒரு சின்னச் சொல் சேரும். 'தேங்காய் வாங்கினேன்' என்றால் நாம் 'ஐ' போடுவதில்லை, 'தம்பியைப் பார்த்தேன்' என்றால் போட்டே ஆக வேண்டும். அவர்களும் ஆண்பால் சொற்களில் அப்படியே. மேசையைப் பார்த்தால் மேசை மாறாது, தம்பியைப் பார்த்தால் தம்பி மாறுவான்.

"நம்ம ஆளுவதான்ணே" என்றான் சுடலை. "வெயில்ல கெடந்தா கறுத்திருவானுவ."

இரண்டாம் வாரம் உறவு முறிந்தது.

முதலில் பால். கார் பெண், பஸ் ஆண், கடல் இரண்டும் இல்லை. உயிர் இல்லாவிட்டாலும் காரைப் பார்த்தால் கார் மாறும், அது பெண் என்பதால். அடுத்து பெயரடை. தமிழில் 'பெரிய' எங்கே போனாலும் 'பெரிய'தான். வீடு மாறட்டும், வீட்டில் மாறட்டும், பெரியது அசையாது. ரஷ்யனில் வீடு அசைந்தால் பெரியதும் கூடவே அசைந்தது.

"வேனுக்குப் பின்னால கட்டுன டிரெய்லர் மாதிரி" என்றார் திரவியம்.

"டிரெய்லரு முன்னாலல்லா போவுது?"

"ஆமா. முன்னால போற டிரெய்லர்."

அப்புறம் போகிற இடம். ஊருக்குப் போவதும் தம்பிக்குக் கொடுப்பதும் நமக்கு ஒரே 'கு'. அவர்கள் ஊருக்குப் போனால் இரண்டாம் வேற்றுமை போட்டு, ஊருக்கு முன்னால் ஒரு சொல் வைத்தார்கள். தம்பிக்குக் கொடுத்தால்தான் நான்காவது. கடைசியாக வந்தது 'இல்லை'. இல்லாத பொருளுக்கும் அவர்கள் வால் வைத்தார்கள், அதுவும் ஆறாம் வேற்றுமை வால்.

"பெட்ரோல் இல்ல. அந்த இல்லாத பெட்ரோலுக்கு ஒரு வாலு" என்று சுடலை எழுந்து நின்றான். "இருந்தப்பம் சும்மா இருந்துச்சு. தீந்த பொறவு எதுக்குண்ணே அலங்காரம்?"

"செத்த பொறவுதானல நாமளும் மாலை போடுதோம்" என்றார் திரவியம். சுடலை உட்கார்ந்தான். ஏழு பேரும் அந்த விதியை மறக்கவே இல்லை.

கடைசி வகுப்பில் மெர்சி ஒரு சந்தேகம் கேட்டாள். "பரீட்சை முடிஞ்சு எந்திரிக்கும்போ என்ன சொல்லணும்ணே? த ஸ்விதானியாவா?"

திரவியம் யோசித்தார். 'அடுத்த சந்திப்பு வரை' என்ற பொருளில் ரஷ்யர்கள் சொல்லும் சொல் அது. வண்டியில் இருந்து இறங்குகிறவர்களுக்கு அது போதும். பரீட்சை வைக்கிற அம்மாளிடம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பது அவருக்கு மொட்டையாகப் பட்டது.

"மரியாதையா, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு எந்திரிங்க" என்று காலண்டரின் அடியில் எழுதிப்போட்டார். பயேது, ப்ரியேது. போவேன், வருவேன். இரண்டும் இலக்கணப்படி சுத்தம்.

பரீட்சை வைத்தவர் லரீசா பெத்ரோவ்னா. பெத்ரோவ்னா என்பது அவர் அப்பா பியோத்தரின் பெயர், நம் இனிஷியலை நீட்டி எழுதியது போல. ரஷ்யாவில் இருபத்தாறு வருடம் பள்ளி ஆசிரியை. குடியிருப்பின் சமூகக் கூடத்தில் மேசை போட்டு, சாயா ஊற்றி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், யாரோடு, எதில், என்ன இல்லை. ஏழு பேரும் வால் பிசகாமல் சொன்னார்கள். சுடலை பெட்ரோல் இல்லை என்று மூன்று முறை சொன்னான். ஒவ்வொருவரும் எழுந்ததும் கை கூப்பி, "பயேது, ப்ரியேது" என்றார்கள். லரீசா பெத்ரோவ்னா தலையாட்டினார். மூன்று மணிக்குக் கடைசியாகத் திரவியம் சொல்லிவிட்டு வந்தார்.

எல்லோரும் வள்ளியூர் போய்ப் பரோட்டா சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை அண்ணாச்சி ஒரு தாளோடு கொட்டகைக்கு வந்தார்.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு? ஏழு பேருக்கும் இல்லன்னு வந்திருக்கு."

மெர்சி தாளை வாங்கி, லரீசா பெத்ரோவ்னா எழுதியதன் தமிழாக்கத்தை வாசித்தாள். முதல் பகுதி எல்லோருக்கும் நன்று. இரண்டாம் பகுதி, வண்டி ஓட்டிக் காட்டுவது, நடக்கவில்லை. அதை நான் சொல்லும் முன்பே ஏழு பேரும் போய்விட்டு வருவதாகத் தாங்களே சொல்லிச் சென்றார்கள். வண்டி எடுக்கப் போகிறார்கள் என்று ஆறரை மணி வரை காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. சொன்ன சொல்லுக்கு வராத ஓட்டுநர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மெர்சி காலண்டரின் அடியைப் பார்த்தாள்.

"போறேன்னு சொல்லக் கூடாதுல்லா" என்றான் சுடலை. "எங்க அம்மை வெளக்குமாத்த எடுத்துருவா."

"திங்கக்கெழமையில இருந்து நாகர்கோவில் வண்டி வருது" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போனார். அவரும் "வாரேன்" என்றுதான் சொன்னார்.

திரவியத்துக்கு நான்காவது முறையும் தேறவில்லை என்பது பழகிய விஷயம். இந்த முறை ஆறு பேரையும் கூட இழுத்துக்கொண்டு விழுந்திருந்தார், அதுதான் புதிது. "வண்டிய எடுங்கல" என்றார்.

ஏழு வண்டிகள் சமூகக் கூடத்தின் முன்னால் வரிசையாக நின்றன. லரீசா பெத்ரோவ்னா வாசலுக்கு வந்தார். திரவியம் முன்னால் போய், ரஷ்யனில் "வந்துட்டோம்" என்றார்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தொம்பது மணி நேரம் லேட்டு."

திரவியத்திடம் காலண்டர் இல்லை. மனப்பாடம் செய்த வாக்கியம் எதுவும் இதற்கு ஒத்துவரவில்லை. இருக்கிற ரஷ்யனைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். எங்கள் ஊரில் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் திரும்புவதில்லை என்று பயம். அதனால் எல்லோரும் வருவேன் என்கிறோம். எப்போது என்று சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. இவர்களுக்குத் தெரியாது, சொல்லிக்கொடுத்தது நான், தப்பு என்னுடையது. வால்கள் நாலா பக்கமும் சிதறின. ஊரில் இருக்க வேண்டியது ஊருக்குப் போயிற்று, பயம் பெண்ணாக மாறிற்று.

லரீசா பெத்ரோவ்னா இடைமறிக்கவில்லை. முடிந்ததும் கேட்டார். "அப்போ வரவே போறதில்லைன்னாலும் அப்படித்தான் சொல்லுவீங்களா?"

"அப்பவும்."

"வேலைய விட்டு நிக்கறவன்?"

"சொல்லுவான்."

"விமான நிலையத்துல ஒரேயடியா ஊருக்குக் கிளம்பின எங்க ஆளுங்ககிட்ட?"

"போயிட்டு வாங்கன்னு நான்தான் சொல்லுதேன். பதினோரு வருஷமா."

"அவங்களும் சரின்னு தலையாட்டியிருப்பாங்க." அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "மீன் சந்தைக்குப் போகணும். ஒவ்வொருத்தரா."

ஏழு தடவை மீன் சந்தைக்குப் போய் வந்தார். இடது, வலது, கோயிலில் இருந்து திரும்பு, கடைக்கு முன்னால் நிறுத்து. நாலாவது தடவையில் மீன்காரப் பெண், "வாங்குதியளா, இல்ல வேடிக்க பாக்குதியளா?" என்று கேட்டுவிட்டாள். நாலு கிலோ நெத்திலி சேர்ந்தது. சுடலை மட்டும் மாட்டிக்கொண்டான். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டதற்கு, ஐந்துக்குப் பின் வரும் வாலைச் சுத்தமாகப் போட்டு "ப்யாத் மினூத்", ஐந்து நிமிடம், என்றான். இருபது நிமிடம் ஆயிற்று.

"இலக்கணம் சரி" என்று எழுதி, பக்கத்தில் "நேரம் சரியில்லை" என்றும் எழுதினார். ஆனாலும் தேற்றிவிட்டார்.

திரவியத்தின் தாளை மெர்சி அவருக்கு முன்பே எட்டிப் பார்த்துவிட்டாள். வாசலில் பேசியதில் வேற்றுமைப் பிழை பதினான்கு. அதன் கீழே ஒரு வரி: அனைத்தும் புரிந்தது. தேர்ச்சி.

"பதினாலாண்ணே?" என்றாள். "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ரெண்டும்தானே."

"நீங்க என் காலண்டரப் பாத்துல்லா படிச்சீங்க" என்றார் திரவியம்.

கிளம்பும் நேரம் வந்தது. ஏழு பேரும் கை கூப்பி நின்றார்கள். வாயை யார் முதலில் திறப்பது என்று தெரியவில்லை. சுடலை திரவியத்தைப் பார்த்தான்.

லரீசா பெத்ரோவ்னா பேனாவை மறுபடி திறந்தார். "சொல்லுங்க, பரவாயில்ல. நாள், மணி ரெண்டையும் சேத்துச் சொல்லிட்டுப் போங்க."

"போயிட்டு வாரோம்" என்றார் திரவியம். "திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆறு ஐம்பதுக்கு ஏழு வண்டிகளும் வாசலில் நின்றன, நாகர்கோவில் வண்டி வரவில்லை. ஏழு மணிக்கு லரீசா பெத்ரோவ்னா மாடியில் இருந்து எட்டிப் பார்த்து, எண்ணிவிட்டு, சன்னலைச் சாத்தினார்.