தெரிந்த கோளாறுகள்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களின் தலைமை அலுவலகத்தில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். முந்தைய நாள் எடுத்த மாதிரிகளில் முடிவு வராதவற்றை இரவு இரண்டு மணிக்குப் பொறுக்கியெடுக்கும் கணினிக் கட்டளை, அந்தக் கொயரி, அவள் எழுதியது. வேறு பிரிவுக்குப் போகுமுன், தன் இடத்துக்கு வருபவனுக்கு அதை விளக்கி மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எல்லாக் கிளைகளின் தகவலும் ஒன்றரைக்குள் ஏறிவிடும் என்று நம்பித்தான் இது ஓடுகிறது. ஒரு கிளை தாமதித்தால் அதன் மாதிரிகள் பட்டியலில் வராது. இது ஒரு நாளை மட்டுமே பார்ப்பதால் அடுத்த இரவும் சிக்காது. பட்டியல் காலியாக இருந்தால் சந்தோஷப்படாதே."

பின்னால் நின்று படித்த மேனேஜர், 'தெரிந்த கோளாறுகள்' என்ற தலைப்பை விரலால் தட்டினார்.

"நம்ம குறையை நாமளே தம்பட்டம் அடிக்கணுமாம்மா? இந்தப் பகுதியை எடுத்துடு."

"மூணு வருஷமா தினம் காலைல கிளை கிளையா போன் போட்டு, தகவல் ஏறிடுச்சான்னு கேட்டது நான் சார். அவனுக்கு யார் சொல்லுவா?"

"வாயால சொல்லிடு."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, சொல்லவே இல்லைன்னுடுவீங்க."

ஏற்கெனவே எழுதியிருந்த ஐந்து கோளாறுகளுக்குக் கீழே ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: "இந்தப் பகுதியை நீக்கச் சொல்வார்கள். நீக்காதே."

பிறகு மேனேஜருக்கும் ஒரு நகல் போட்டு, அவர் பார்க்கப் பார்க்க அனுப்பினாள்.