திரும்பிப் பார்க்கிறவன்

போச்சம்பள்ளி கம்பெனியில் நாங்கள் கான்ட்ராக்ட் பெண்கள். ஒருநாள் எங்கள் வாட்ஸப் குரூப்பில் தோழி ஒரு மீம் போட்டாள். காதலியோடு நடந்து போகிறவன், எதிரே கடந்துபோன சிவப்பு உடைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து உதட்டைக் குவிக்கிறான். காதலி அவனை முறைக்கிறாள். அவன்மேல் ‘கம்பெனி’, சிவப்பு உடைக்காரிமேல் ‘புது டிரெய்னி’, முறைப்பவள்மேல் ‘நாம’ என்று எழுதியிருந்தாள். கம்பெனி பஸ்ஸே சிரித்தது.

படம் ஹெச்ஆர் அதிகாரி வரைக்கும் போனது. எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அவரும் சிரித்தார்.

“கரெக்டாத்தாம்மா போட்டிருக்கீங்க. அடுத்த மாசத்துலருந்து சின்ன வயசு டிரெய்னிப் பொண்ணுங்க மட்டுந்தான். உங்க கான்ட்ராக்ட் முடியுது.”

“வெளையாட்டுக்குத்தான் சார் எழுதுனேன்,” என்று தோழி அழுதாள்.

“இத ஆபீஸ்ல முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கம்மா.”

பிறகு ஓசூரில் ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் எங்கள் வயதைத்தான் முதலில் கேட்டார்கள்.