கட்டத்தை எடுத்துவிட்டுக் கோடு

டோல்கேட்டைத் தாண்டும்போது செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். சமயபுரத்தில் பக்தர்களின் முகத்தை அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை போனபோது முதலாளியின் மச்சான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். திருப்பூரில் ஒரு டிசைன் ஆபீசில் தரை கூட்டிக்கொண்டே, உட்கார்ந்திருப்பவர்களின் தோளுக்கு மேலாகப் பார்த்துக் கற்றதுதான் போட்டோஷாப். அது இருந்தால் எந்த ஊரிலும் ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்துவிடும்.

கொள்ளிடம் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் ஸ்டூடியோவில் ஏறி வேலை கேட்டேன். கடைக்காரர் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"இதை முடிச்சுக் குடுத்தா இருந்துக்கலாம். ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க."

திரையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஆள். சாம்பல் நிறத்தில் மெல்லிய நெட்டுக்கோடுகள் போட்ட சட்டை. முகத்தில் பாதிச் சிரிப்பு. பார்த்தவரை குறையில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து வாசல் பக்கம் போய்த் திரும்பினேன். தூரத்திலிருந்து பார்த்தபோது அந்த ஆள் கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். கிட்டே வந்தால் கோடு. விலகினால் கட்டம்.

"முன்னாடி கட்டம் போட்ட சட்டையா அண்ணே?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"இப்பவும் அதைத்தான் போட்டிருக்கார்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "படத்தைக் குடுத்த அந்தம்மாவும் அதையேதான் சொல்லிச்சு."

விஷயத்தைச் சொன்னார். அந்த ஆள் கொள்ளிடத்தில் குளிக்கப் போனவர் வரவில்லை. மூன்றாம் நாள் கீழே வெகுதூரத்தில் பிணமாகக் கிடைத்தார். ஆளைத் தேடி ஒட்டிய நோட்டீசில் 'நீலக் கட்டம் போட்ட வெள்ளைச் சட்டை' என்று இருந்ததாம். அந்தச் சட்டையைக் காட்டித்தான் மனைவியை அடையாளம் சொல்ல வைத்தார்கள். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல படத்திலும் அதே சட்டை. வருஷ திதி வருகிறது. படம் மாட்ட வேண்டும். கட்டத்தைப் பார்த்தால் அவளால் அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. அதனால் கட்டத்தை எடுத்துவிட்டுக் கோடு போட்டுத் தரக் கேட்டிருக்கிறாள்.

கடைக்காரர் செய்த தப்பு எனக்குப் புரிந்தது. புதுக் கோடுகள் உடம்பின் மேடுபள்ளத்தோடு வளைய வேண்டுமானால், சட்டையைக் கறுப்பு வெள்ளையாக்கி அதை மெஷினுக்கு ஒரு அச்சாகக் கொடுக்க வேண்டும். கறுப்பான இடத்தில் கோடு ஒரு பக்கம் நகரும், வெளுப்பான இடத்தில் மறுபக்கம் நகரும். மடிப்பின் நிழலுக்காக உள்ள ஏற்பாடு அது. அவர் கட்டங்களை அழிக்காமலே அச்சு எடுத்திருந்தார். மெஷினுக்கு நிழல் எது, சாயம் எது என்று தெரியாது. ஒவ்வொரு நீலக் கோட்டையும் ஒரு மடிப்பு என்று எண்ணி, புதுக் கோடுகளை அந்தந்த இடத்தில் ஒரு மயிரிழை உடைத்திருந்தது. அந்த உடைசல்கள் சேர்ந்து பழைய சட்டையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன.

கை வைக்காத முதல் படத்தைத் திறந்தேன். நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்து, நீலத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் நீலக் கட்டம் என்பதால் அந்த ஒரு பார்வையில் கட்டங்கள் வெளுத்து, கிட்டத்தட்ட மறைந்துபோயின. மிச்சம் இருந்த தடத்தைக் கையால் ஒற்றி எடுத்தேன். வெறும் துணியும் மடிப்பும் நின்றன. அதை லேசாக மங்கலாக்கி அச்சாக வைத்துக்கொண்டேன்.

அது மட்டும் போதாது. அச்சு சின்ன மடிப்புகளைத்தான் பார்த்துக்கொள்ளும். துணி மொத்தமாக எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். சட்டையின் இரண்டு முன்பக்கங்கள், கைகள், காலர், பாக்கெட் எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கோடுகளைப் போட்டு வலைபோல வளைத்தேன். எவ்வளவு வளைப்பது என்பதற்குப் பழைய கட்டங்களையே வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவை போன வழியில் என் கோடுகளை அனுப்பினேன். அச்சைக் கொடுத்தேன். மேலே நிழலை ஏற்றினேன்.

சட்டைக்குள் உடம்பு வந்தது. நெஞ்சு லேசாகத் தூக்கியிருந்தது, மூச்சை இழுத்துவிட்டு விடாமல் நிற்பவர்போல. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டம் இல்லை.

ஆனால் வேறொன்று இருந்தது. படத்தின் இடது கீழ் மூலையை நோக்கிக் கோடுகள் எல்லாம் சரிந்து, நெருங்கி, ஓடின. பொத்தான் பட்டியும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கண் சிதறியதில் அது தெரியாமல் இருந்திருக்கிறது. வெறும் நெட்டுக்கோட்டில் மறைய இடமில்லை. படத்துக்கு வெளியே இருந்து யாரோ அவரைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண் தன் கொழுந்தனோடு வந்தாள். முதலில் வாசலில் நின்றே பார்த்தாள். தோள் தளர்ந்தது. "கட்டம் போயிடுச்சு," என்றாள். பிறகு கிட்டே வந்தாள். வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"இது யாரு இழுக்கறது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "துணி மடிப்பும்மா அது."

"மடிப்பு இல்லிங்க. இழுக்குது. தண்ணி இழுத்த மாதிரி இருக்கு."

"நேராக்கிக் குடுத்துடு தம்பி," என்றார் கடைக்காரர்.

நேராக்கலாம். நேராக்கினால் உள்ளே ஆள் இருக்க மாட்டார், அட்டையில் ஒட்டிய துணிதான் இருக்கும். அதைச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மூலையையே பார்த்தாள்.

"இதோட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது தம்பி. ராவும் பகலும் இழுத்துக்கிட்டே இருக்கும்."

"இதை வெட்டாம முழுப் படம் இருக்கா?" என்று கேட்டேன்.

கொழுந்தன் போனை நோண்டினான். "நான்தான் எடுத்தேன். சித்தப்பா மக கல்யாணத்துல. இருங்க." வெகுநேரம் தள்ளிக்கொண்டே போனான். பிறகு போனை அண்ணியிடம் நீட்டினான்.

பந்தல். பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் கையும் முழங்காலும் மட்டும். அந்தக் கை, பக்கத்தில் நிற்கும் அவருடைய சட்டையின் ஓரத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது. கையில் சிவப்புக் கண்ணாடி வளையல்.

அவள் போனை விரலால் பெரிதாக்கினாள். தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"கடைசி பஸ் போயிடும், வாங்கன்னேன். வரமாட்டேன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு."

"மறந்துட்டீங்களா அண்ணி?"

"மறந்துதான் போச்சு."

கடைக்காரர் மின்விசிறியைக் குறைத்தார். எதற்கு என்று தெரியவில்லை.

"நேராக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். இருக்கட்டும். பிடிச்சிருக்கேன்ல." பிறகு கொழுந்தனிடம், "பெருசா போடச் சொல்லு," என்றாள்.

பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டுக் கொடுத்தோம். அவள் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்புப் பக்கம் சாய்த்து எடுத்துப் போனாள்.

"இங்கயே இருந்துடு," என்றார் கடைக்காரர். செருப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். கடையிலேயே பாய் விரித்துப் படுத்தேன்.

காலையில் டீ குடிக்க வெளியே வந்தேன். டவுன் பஸ்ஸில் படியில் தொங்கியவர்களின் சட்டைகளைப் பார்த்தேன். ஒரு சட்டைகூட நேராக இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கம் சரிந்திருந்தது, இடுப்பில், தோளில், அக்குளுக்குக் கீழே. அந்தப் பக்கத்தில் பிடித்து இழுக்க யாரும் இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். கடைக்குத் திரும்பவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி, தரையைப் பார்த்துக்கொண்டே போய், காந்தி மார்க்கெட்டில் இறங்கினேன். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்க ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்துகொண்டேன். அங்கே வேலை செய்பவர்கள் யாரும் சட்டை போடுவதில்லை.