மாற்று எண்

எங்கள் மாடியில் அவளுக்குப் பெயரே ஃபோர்க்லிஃப்ட்காரி. கிடங்கில் சுமை தூக்கும் அந்த வண்டியை ஓட்டி, ஒரு டன் சுமையை முட்டையை வைப்பதுபோல் உயர அலமாரியில் வைப்பாள். வீட்டுக்கு வந்தால் புருஷனிடம் மிதிபடுவாள். நான் எதிர்வீட்டுத் தையல்காரி. அவள் வீட்டுச் சுவர் அதிரும்போதெல்லாம் தையல் மெஷினை நிறுத்திவிடுவேன்.

வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் விண்ணப்பித்தாள். தங்க அறையும் தருவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு தப்பித்துவிடலாம். வண்டி ஓட்டிக் காட்டியதில் இவள்தான் முதல். ஆனால் தேர்வாகவில்லை என்று கடிதம் வந்தது. அன்றைக்கு அந்தப் படுபாவி குக்கர் மூடியால் அவள் நெற்றியைப் பிளந்தான்.

"உன்னை எவன்டி வேலைக்கு வைப்பான்?" என்று சிரிக்க வேறு செய்தான்.

காயத்தில் பஞ்சை அழுத்தியபடி என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஆள் எடுக்குற அந்தக் கம்பெனிக்காரிய நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுடி" என்றேன்.

"சண்டை போட்டா இனிமே கூப்பிடவே மாட்டாங்கக்கா."

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு என் போனில்தான், ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். "மேடம், வாய்ப்பு குடுத்ததுக்கு நன்றி. எதுல குறைன்னு சொன்னா திருத்திக்குவேன். அடுத்து இடம் வந்தா என்னையும் பாருங்க."

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "வழக்கமா காரணம் சொல்றதில்லம்மா. நீங்க மரியாதையா கேட்டதால சொல்றேன். உங்க வேலைல குறையே இல்ல. எப்ப சேருவீங்கன்னு கேக்க கூப்பிட்டோம், உங்க போன் போகல. நீங்க குடுத்த மாற்று எண்ல ஒருத்தர் எடுத்தார். உங்களைச் சேத்தா வந்து எங்க கையை வெட்டுவேன்னார்."

அவர்கள் கூப்பிட்ட அந்த வாரம்தான் அவள் போனைச் சுவரில் அடித்து உடைத்திருந்தான். சண்டாளன்.

"அது என் புருஷன் மேடம். அந்த எண்ணை எடுத்துடுங்க" என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்தாள். இடம் வந்தால் கூப்பிடுவதாக அம்மாள் சொன்னாள்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் மகளை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் ஓடிவந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. தாழ்ப்பாள் போட்டோம். வெளியே அவன் இரும்புக் கம்பியால் கதவை அடித்தான். போலீஸைக் கூப்பிட்டுவிட்டு என் போனைக் கீழே வைப்பதற்குள் அது அடித்தது. கிடங்கு அம்மாள். ஸ்பீக்கரில் போட்டு இவளிடம் நீட்டினேன்.

"ஒரு இடம் காலியாயிருக்கு. அங்க என்ன சத்தம்?"

டிவி என்று சொல்லச் சொல்லி நான் கையைக் காட்டினேன். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"அவர்தான் மேடம், கதவை உடைக்கிறார். போலீஸ் வந்துட்டு இருக்கு. இந்தத் தடவையும் வேணாம்னா காரணம் எனக்குத் தெரியும். பரவால்ல. அடுத்த தடவை பாருங்க."

கதவின் மேல்கீல் பெயர்ந்தது. குழந்தை அலறியது. நான் பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"போலீஸ் வந்ததும் சொல்லுங்க, வண்டி அனுப்புறேன்" என்றாள் அம்மாள். "அவர் போட்டோ ஒண்ணு அனுப்புங்க. கேட்ல காவலாளிகிட்ட குடுத்து வைக்கணும்."

போலீஸ் வந்து அவனை இழுத்துப்போன பிறகு வீட்டில் தேடினாள்; இருந்தது கல்யாணப் போட்டோ மட்டும்தான். என் கத்தரிக்கோலால் தன் பாதியை வெட்டிவிட்டு, அவனை மட்டும் என் போனில் படமெடுத்து அனுப்பினாள்.