ஆனேக்கல் வில்லை

முனிலட்சுமி கேள்வி கேட்க ஆரம்பித்தால் எதிராளி பாடு திண்டாட்டம்தான். தொரப்பள்ளியில் களை எடுக்கப் போன காலத்திலேயே மேஸ்திரியின் உயிரை வாங்கியவள்.

எண்பத்தேழாம் வருஷம் புருஷன் திம்மராயன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் வேலை பார்த்த ஓசூர் கம்பெனி, வாரிசுச் சான்றிதழ் வந்ததும் அவளுக்கே வேலை தருவதாகச் சொன்னது. ஆனால் சான்றிதழுக்கு மனு கொடுத்த அத்தாட்சியை வெள்ளிக்கிழமைக்குள் காட்டணும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் அதை விடுவாளா?

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் எல்லப்பனைப் பிடித்தாள்.

"யாருக்குண்ணா எழுதணும், கலெக்டருக்கா?"

"தாசில்தாருக்கும்மா."

"தபால் ஸ்டாம்பு ஒட்டணுமா?"

"அய்யோ! கோர்ட்டுக் கட்டண வில்லை. அதுவும் ஆபீசுக்குக் குடுக்கறதுல மட்டும் ஒட்டினாப் போதும்."

"எத்தனை காப்பி?"

"ரெண்டு. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணுல சீல் வாங்கி நீ வச்சுக்க. கார்பன் வச்சு எழுதறேன், ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுடு."

அன்று ஸ்டாம்பு விற்கிறவரிடம் வில்லை தீர்ந்திருந்தது. ஆனேக்கல்லில் வேலை பார்க்கும் கொழுந்தன் முனிராஜ், "நீ கவலைப்படாத அண்ணி" என்று மறுநாளே ஒன்று வாங்கிவந்தான். மகா கெட்டிக்காரன்! தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிறவனுக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே ஊர்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் மனுவை நீட்டினாள். குமாஸ்தா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"இது கர்நாடகா வில்லைம்மா. இங்க செல்லாது."

முனிலட்சுமிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. 'எல்லாத்தையும் கேட்டேன், எந்த ஊரு வில்லைன்னு கேக்கலையே பாவி!'

ஒரே ஓட்டமாக ஸ்டாம்புக்காரரிடம் போனாள். நல்லவேளை, காலையில்தான் சரக்கு வந்திருந்தது. மேல்பிரதியில் ஒட்டிய வில்லையைப் பிய்த்தால் தாளும் கூடவே வரும். அதனால் புது வில்லையைக் கார்பன் பிரதியில் ஒட்டிக்கொண்டு திரும்பினாள்.

"இது கார்பனாச்சே?" என்றார் குமாஸ்தா.

"எழுத்துத்தான் சார் கார்பன். கையெழுத்து நான் பேனாவுல போட்டது."

குமாஸ்தா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அவள் நகரவில்லை. திரும்பி வந்த மேல்பிரதியை நீட்டினாள்.

"இதுல சீல் போட்டுக் குடுங்க."

"அதுல இருக்கறது செல்லாத வில்லையாச்சே!"

"எனக்கு வேண்டிய காப்பிக்கு வில்லையே வேண்டாமே சார்."

அவர் தேதியோடு சீலைக் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று மணிக்குக் கம்பெனியில் மேனேஜர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, கர்நாடகா வில்லை ஒட்டியிருக்கு?"

"வில்லை செல்லாதுதான் சார். கீழ இருக்கற சீலைப் பாருங்க, அது செல்லும்."

மேனேஜர் சீலைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். "சான்றிதழ் வந்ததும் வேலைக்கு வந்துடும்மா. இடம் உனக்குத்தான்" என்றார்.

"யார்கிட்ட சார் வந்து நிக்கணும்? எத்தனை மணிக்கு? கையில என்னென்ன கொண்டாரணும்?" என்று ஆரம்பித்தாள் முனிலட்சுமி.